ஏன் நூறு பேர், டாக்டர்?

“கைடு சொன்னார் சார்.”

எம்.டி. வாய்மொழித் தேர்வில் ஒரு மாணவர் சொல்லவே கூடாத பதில் இது. அது பொய்யாக இருக்கும் என்பதல்ல காரணம். பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். தேர்வாளர் கேட்டது “ஏன் 100 பேரை ஆய்வுக்கு எடுத்தீர்கள்?” என்று. யார் சொல்லி எடுத்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

இந்தியாவில் எம்.டி., எம்.எஸ். படிப்புகள் மூன்றாண்டு. அந்த மூன்றாண்டுக்குள் வார்டு, ஓபி, இரவுப் பணி எல்லாவற்றுக்கும் நடுவே ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வு செய்து ஆய்வேடாக எழுதித் தர வேண்டும். தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே அது பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஏற்கப்பட்டால்தான் தேர்வெழுத முடியும். அதனால் பலரும் ஆய்வேட்டைக் கொடுத்த அன்றோடு தலைமுழுகிவிட்டுப் பாடப்புத்தகத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து, வேறு ஊரிலிருந்து வந்த எக்ஸ்டெர்னல் ஒருவர் அந்தக் கனத்த அட்டைப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார். முன்னுரையையோ நன்றியுரையையோ அவர் படிப்பதில்லை. நேராக ‘மெட்டீரியல்ஸ் அண்ட் மெத்தட்ஸ்’ பகுதிக்குப் போகிறார். அனுபவமுள்ள தேர்வாளருக்கு அந்த நாலைந்து பக்கம் போதும்.

அங்கே கேட்கப்படும் கேள்விகள் வெறும் நினைவாற்றலைச் சோதிப்பவை அல்ல. ஆய்வுமுறையின் ஒவ்வொரு வரியும் எப்போதோ ஒரு நாள் எடுக்கப்பட்ட முடிவு. அந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது, அதனால் முடிவுரையில் உள்ள எண் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்ற இரண்டும் தெரிந்தவர் தேர்வாளர் முன் திணற மாட்டார். ஒரு கற்பனை ஆய்வை வைத்து இதைப் பார்க்கலாம். தலைப்பு கற்பனை என்றாலும், பொது மருத்துவத் துறையில் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் செய்துகொண்டிருக்கும் வகைதான்: அரசு மருத்துவமனை நீரிழிவு ஓபிக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளில் எத்தனை சதவீதத்தினருக்குக் கால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது? மாணவி 100 பேரைப் பார்த்தார். 42 பேருக்குப் பாதிப்பு இருந்தது.

முதல் கேள்வி, அந்த நூறு.

இதுபோன்ற ஆய்வுகளுக்குத் தமிழ்நாட்டு முதுநிலை மாணவர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான சூத்திரம் ஒன்று உண்டு: n = 4pq/d². இதில் p என்பது பாதிப்பு எத்தனை சதவீதம் இருக்கும் என்ற முன்மதிப்பீடு. Q என்பது நூறில் மீதி. D என்பது விடை எவ்வளவு முன்பின் இருந்தால் பரவாயில்லை என்று ஆய்வாளர் ஏற்கும் அளவு. அந்த 4, புள்ளியியலில் 95 சதவீத நம்பிக்கைக்குரிய 1.96 என்ற எண்ணின் வர்க்கத்தை முழுதாக்கிப் போட்டது. சூத்திரம் ஒப்பிக்கப் பலருக்கு வரும். d எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் அறை அமைதியாகிறது.

மாணவி ஒரு பழைய ஆய்விலிருந்து p என்பதை 30 என்று எடுத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் q 70. அந்த 30-இல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 6 சதவீதப் புள்ளி முன்பின் போகலாம் என்று கொண்டால், கணக்கு 233 பேர் கேட்கும். 10 புள்ளி முன்பின் போகலாம் என்றால் 84 பேர் போதும். ஒரே சூத்திரம், ஒரே நோய். d-ஐ 6 என்று போடுவதா 10 என்று போடுவதா என்பதில் வேலை ஏறக்குறைய மூன்று மடங்கு மாறிவிடுகிறது. ஒரு மாணவர், வாரத்தில் ஒரு நாள் ஓபி, ஒருவருக்கு அரை மணி நேரப் பரிசோதனை என்ற நிலையில் அவர் 84-ஐத் தேர்ந்தெடுத்ததில் தவறே இல்லை. அதை மறைக்கவும் வேண்டியதில்லை. “ஆய்வுக் காலத்தில் 233 பேரைப் பார்க்க முடியாது என்று கணித்தோம். பத்துப் புள்ளித் துல்லியம் போதும் என்று ஏற்றுக்கொண்டோம்” என்று சொன்னால் அது கெளரவமான பதில். “அதுதான் ஸ்டாண்டர்ட் சார்” என்றால் அடுத்த கேள்வி வரும்: யார் வைத்த ஸ்டாண்டர்ட்?

84 எப்படி நூறானது? பல ஆய்வேடுகளில் “10 சதவீதம் பேர் இடையில் விலகக்கூடும் என்று கூட்டப்பட்டது” என்ற வரி இருக்கும். எட்டு பேரைக் கூட்டி 92, அதை முழு எண்ணாக்கி 100. இந்த வரியைப் பார்த்தால் தேர்வாளர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். “ஒரே ஒரு தடவை பார்த்து அனுப்பிவிடும் ஆய்வில் யாரம்மா இடையில் விலகுவார்?” மாதக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் ஆய்வுக்கு உரிய வரி, யாரோ ஒருவருடைய ஆய்வேட்டிலிருந்து நகலாகி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரே சந்திப்பில் முடியும் ஆய்விலும் சிலர் சம்மதம் மறுப்பார்கள், சிலருக்குப் பரிசோதனை முழுமையடையாது. அதற்காகக் கூட்டியதாக எழுதியிருந்தால் கேள்வியே எழுந்திருக்காது.

அடுத்து அந்த 30. அந்தப் பழைய ஆய்வு எங்கே நடந்தது, யாரிடம் நடந்தது, நரம்புப் பாதிப்பை எந்தக் கருவியால் தீர்மானித்தார்கள்? கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்து எண்ணை எடுத்தவர் இங்கே மாட்டிக்கொள்வார். ஊரில் வீடு வீடாகப் போய்ச் செய்த ஆய்வின் எண்ணை, பெரிய மருத்துவமனை ஓபியில் செய்யும் ஆய்வுக்கு முன்மதிப்பீடாக வைத்தால் பொருந்தாது. மூலக்கட்டுரையை முழுதாகப் படித்து, அதன் ஆய்வுமுறையை இரண்டு வரியில் சொல்லும் அளவுக்கு வைத்திருப்பது கட்டாயம்.

சரி, வந்த விடை 42. எதிர்பார்த்தது 30. அப்படியென்றால் மாதிரி அளவே தப்பா? இது சில தேர்வாளர்களுக்குப் பிடித்தமான பொறி. பதற வேண்டாம். முன்மதிப்பீடு ஆய்வுக்கு முன் செய்தது. ஆய்வு முடிந்தபின் பார்க்க வேண்டியது வந்த விடையின் துல்லியத்தை. நூறு பேரில் 42 என்றால், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 32 முதல் 52 வரை. திட்டமிட்ட பத்துப் புள்ளிக்குள்தான் இருக்கிறது. இந்த 32, 52 என்ற இரண்டு எண்களும் ஆய்வேட்டில் அச்சாகியிருக்க வேண்டும். வெறும் 42 என்று மட்டும் எழுதிவிட்டு, கேட்டபோது கால்குலேட்டரைத் தேடுவது பரிதாபம்.

இரண்டாவது பெரிய கேள்வி: அந்த நூறு பேரும் யார்? பல ஆய்வேடுகளில் ‘சிம்பிள் ராண்டம் சாம்பிளிங்’ என்று கூசாமல் எழுதியிருக்கும். அப்படிச் செய்வதென்றால் ஓபியில் பதிவான அத்தனை நோயாளிகளின் பட்டியலும் முதலில் கையில் இருக்க வேண்டும். அதிலிருந்து குலுக்கல் முறையிலோ சமவாய்ப்பு எண் அட்டவணையைக் கொண்டோ பெயர்களை எடுக்க வேண்டும். நடந்தது என்ன? செவ்வாய்க்கிழமை ஓபியில் உட்கார்ந்து, வந்தவர்களில் சம்மதித்தவர்களை வரிசையாகப் பார்த்தார் மாணவி. அதற்குப் பெயர் தொடர்வரிசை மாதிரி. கைக்கு எட்டியவர்களை, நேரம் கிடைத்தபோது மட்டும் பார்த்திருந்தால் அது வசதி மாதிரி. இரண்டுமே முதுநிலை ஆய்வுகளில் ஏற்கப்படுபவைதான். செய்யாத ஒன்றைச் செய்ததாக எழுதியதுதான் குற்றம். ஆய்வேட்டின் கடைசியில் இணைக்கும் மாஸ்டர் சார்ட்டே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தடுத்த ஓபி எண்கள், எல்லாம் செவ்வாய்க்கிழமைத் தேதிகள். தேர்வாளர் அங்கே விரலை வைத்தால் பேச்சு எழாது.

அதைவிட நுட்பமான கேள்வி, இந்த ஓபிக்கு வருபவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது. மேயோ கிளினிக்கின் புள்ளியியலாளர் ஜோசப் பெர்க்சன் 1946-இலேயே எச்சரித்த விஷயம் இது: மருத்துவமனைக்கு வருபவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், வெளியுலகில் இல்லாத தொடர்புகள்கூட இருப்பதுபோலத் தெரியும். தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு கோணமும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன. நோய் கட்டுக்குள் இருப்பவர் வீட்டில் மாத்திரை வாங்கிக்கொண்டு ஓபிக்கு வராமல் போகலாம். மெனக்கெட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருபவர் சிக்கல் முற்றியவராக இருக்கலாம். அப்படியானால் 42 என்பது ஊர் நிலவரத்தைவிடக் கூடுதல். மறுபுறம், காலில் புண் வந்தவர்கள் நேராக அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுகிறார்கள். நரம்பு மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட அவர்கள் இந்த நூறில் இல்லை. அது எண்ணைக் கீழே இழுக்கும். இந்த இரண்டையும் மாணவி தானே முன்வந்து சொல்லிவிட்டால் தேர்வாளருக்குக் கேட்க மிச்சமில்லை. ‘லிமிடேஷன்ஸ்’ என்ற தலைப்பில் “மாதிரி சிறியது, ஒரே மையத்தில் நடந்தது” என்று எல்லோரும் எழுதும் இரண்டு வரியைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்றாவதாக, எப்படி அளந்தார் என்பது. மாணவிகளும் மாணவர்களும் அதிகம் தடுமாறும் இடம் இது. விடை புத்தகத்தில் இல்லாமல் கையில் இருப்பதுதான் காரணம்.

கால் உணர்வைச் சோதிக்க மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையைப் பயன்படுத்துகிறார்கள். தோலில் செங்குத்தாக வைத்து அழுத்தினால், 10 கிராம் விசையில் அது வளைந்துகொடுக்கும். அந்த அழுத்தம் தெரியாத பாதத்துக்குப் புண் வரும் ஆபத்து அதிகம். எளிய கருவிதான். ஆனால் கேள்விகள் எளியவை அல்ல. பாதத்தில் எத்தனை இடத்தில் வைத்தீர்கள்? எத்தனை இடத்தில் தெரியாவிட்டால் பாதிப்பு என்று கொண்டீர்கள்? நோயாளி கண்ணை மூடியிருந்தாரா? முதலில் கையில் வைத்துக் காட்டினீர்களா? சீரான தாளத்தில் இடம் இடமாக வைத்துக்கொண்டே போனால், டாக்டரைத் திருப்திப்படுத்த நினைக்கும் பெரியவர் “தெரியுது, தெரியுது” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால் இடையிடையே தொடாமலே “இப்போ தெரியுதா?” என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இதைச் செய்திருந்தால் சொல்லலாம். செய்யாவிட்டால் பாதிப்பு குறைவாகக் கணக்காகியிருக்கும் என்று சொல்லலாம்.

இழைக்கும் களைப்பு உண்டு. தொடர்ந்து பலருக்கு வைத்தால் நைலான் தளர்ந்து, பத்து கிராமுக்கு முன்பே வளையத் தொடங்கும். ஏறக்குறைய பத்துப் பேருக்குப் பிறகு ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை. ஒரே இழையை ஒன்றரை வருடம் ஓய்வில்லாமல் பயன்படுத்தியிருந்தால் என்ன ஆகும்? பின்னால் வந்த நோயாளிகளின் காலில் விழுந்த அழுத்தம் குறைவு. அதனால் நல்ல நரம்பு உள்ளவரும் “தெரியலை” என்றிருப்பார். பாதிப்பு எண் உயர்ந்திருக்கும். செருப்பில்லாமல் வயலில் நடந்து காய்ப்பேறிய பாதத்தில், காய்ப்பின் மேலேயே இழையை வைத்தாலும் இதே கதைதான். மாஸ்டர் சார்ட்டில் முதல் ஐம்பது பேரையும் பின் ஐம்பது பேரையும் பிரித்து எண்ணிப் பார்த்தால் இழை தளர்ந்ததற்கான தடயம் தெரியக்கூடும். அரை மணி நேர வேலை. தேர்வுக்கு முன் இதைச் செய்து பார்த்தவர் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள்.

இன்னொரு கேள்வி பொது மருத்துவர்களின் செல்லக் கேள்வி: “மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்? பி12 பார்த்தீர்களா?” மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையக்கூடும், பி12 குறைந்தாலும் நரம்பு கெடும். மதுப்பழக்கம், தொழுநோய், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவையும் அப்படியே. மதுவையும் தொழுநோயையும் விசாரித்து விலக்கிய மாணவி, செலவு கருதி பி12 பார்க்கவில்லை என்று கொள்வோம். இங்கே சரியான தற்காப்பு பின்வாங்குவதுதான்: “பார்க்கவில்லை சார். அதனால் நீரிழிவால் வந்த நரம்புப் பாதிப்பு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நீரிழிவு உள்ளவர்களிடம் காணப்பட்ட நரம்புப் பாதிப்பு என்றுதான் சொல்லலாம்.” பின்வாங்கும் தூரம் சரியாகத் தெரிந்தவரை எந்தத் தேர்வாளரும் துரத்துவதில்லை. மாறாக, “பி12 முக்கியமில்லை சார்” என்று வாதாடினால் மீதி நேரமெல்லாம் பி12-இலேயே போய்விடும்.

கடைசியாக அட்டவணைகள். மாணவி நோயின் காலத்தோடு ஒப்பிட்டார். பத்து ஆண்டுக்கு மேல் நீரிழிவு உள்ள 40 பேரில் 24 பேருக்குப் பாதிப்பு. அதற்குக் குறைந்த 60 பேரில் 18 பேருக்கு. அதாவது 60 சதவீதம், 30 சதவீதம். கை-ஸ்கொயர் மதிப்பு 8.87, p மதிப்பு 0.003 அளவில். இதுவரை சரி. (சூத்திரத்தில் வந்த p வேறு, இந்த p வேறு என்பதையும் கேட்டுவைப்பார்கள்.) “இதைக் கையால் போட்டுக் காட்டுங்கள்” என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டும் தேர்வாளர்கள் உண்டு. நாலு கட்டம் கொண்ட அட்டவணைதான். ஐந்து நிமிடம் பழகினால் வந்துவிடும். புள்ளியியல் பகுதியை வெளியாளிடம் கொடுத்து வாங்கிய மாணவர்கள் தடுக்கி விழுவது இந்த வெள்ளைத் தாளில்தான்.

வழுக்கும் இடம் அடுத்த அட்டவணை. புகைப்பவர்கள் 12 பேரில் 6 பேருக்குப் பாதிப்பு, புகைக்காத 88 பேரில் 36 பேருக்கு. ஐம்பதும் நாற்பத்தொன்றும். வேறுபாடு புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கதல்ல. ஆய்வேட்டில் “புகைப்பழக்கத்துக்கும் நரம்புப் பாதிப்புக்கும் தொடர்பில்லை” என்று ஒரு வரி. தேர்வாளர் கேட்பார்: “பன்னிரண்டு பேரை வைத்தா தொடர்பில்லை என்கிறீர்கள்?” கணக்குப் போட்டால் இந்த வேறுபாட்டின் நம்பிக்கை இடைவெளி, புகைப்பவர்களுக்குச் சுமார் 20 புள்ளி குறைவு என்பதில் தொடங்கிச் சுமார் 40 புள்ளி கூடுதல் என்பது வரை நீள்கிறது. தொடர்பில்லை என்று நிரூபணமாகவில்லை. இந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை, அவ்வளவே. காரணம் தொடக்கத்திலேயே இருக்கிறது. நூறு என்ற எண் பாதிப்பு எத்தனை சதவீதம் என்பதைக் கண்டறியக் கணக்கிடப்பட்டது. இரண்டு குழுக்களை ஒப்பிட அல்ல. மாதிரி அளவுக் கணக்கு முதன்மை நோக்கத்துக்கு மட்டுமே உரியது என்று மாணவி சொல்லிவிட்டால், மற்ற ஒப்பீடுகளை எல்லாம் தேர்வாளர் அந்த அளவிலேயே விட்டுவிடுவார்.

இவ்வளவுக்கும் தயாராவது எப்படி? பழைய கேள்வித்தொகுப்புகளைப் புரட்டுவதால் பெரிதாகப் பயனில்லை. முதலில் எடுக்க வேண்டியது நெறிமுறைக் குழு அனுமதி அளித்த ப்ரோட்டோகாலை. அதை ஆய்வேட்டின் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். அனுமதிக் கடிதத்தின் தேதிக்கு முன்பே முதல் நோயாளியைப் பார்த்ததாக மாஸ்டர் சார்ட் சொல்கிறதா? அப்படி இருந்தால் அது மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல். கைடிடம் அன்றே பேசியாக வேண்டும். சேர்க்கும் நிபந்தனை ஏதாவது இடையில் மாறியிருந்தால், எப்போது, ஏன், குழுவுக்குத் தெரிவிக்கப்பட்டதா என்று சொல்லத் தெரிய வேண்டும். மருந்தையோ சிகிச்சையையோ ஒப்பிட்ட ஆய்வாக இருந்தால், இந்திய மருத்துவ ஆய்வுகள் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிந்த தேதியையும் பார்ப்பார்கள். 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தால்தான் அங்கே ஏற்கிறார்கள்.

பிறகு ஒத்திகை. அதைத் தன் துறை நண்பர்களோடு செய்வதில் ஒரு குறை உண்டு. அவர்களும் இதே முறையில்தான் செய்திருப்பார்கள், அதனால் ஓட்டை தெரியாது. சமூக மருத்துவத் துறையிலிருந்து ஓர் உதவிப் பேராசிரியரைப் பிடித்து இருபது நிமிடம் உட்கார வைத்தால் வேறு விதமான கேள்விகள் வரும். தேர்வு ஆங்கிலத்தில் நடந்தாலும், காரணங்களை முதலில் தமிழில் யாருக்காவது விளக்கிப் பார்ப்பது நல்லது. மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. முதுநிலை மாணவர்கள் முடிக்க வேண்டிய மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பைச் சென்னையிலுள்ள ஐ.சி.எம்.ஆர். தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம்தான் இணையவழியில் நடத்துகிறது. சான்றிதழுக்காக முதலாண்டில் அவசரமாக ஓட்டிப் பார்த்த அந்த வகுப்புகளை, இப்போது தன் ஆய்வை மனத்தில் வைத்து மறுபடி பார்த்தால் பல கேள்விகளுக்கு விடை அங்கேயே இருக்கிறது.

இப்போது முதலாண்டில் ப்ரோட்டோகால் எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். d-ஐப் பத்து என்று வைத்த அன்றைக்கே, இழையை எத்தனை இடத்தில் வைப்பது என்று முடிவான அன்றைக்கே, பி12 வேண்டாம் என்று கைடு சொன்ன அன்றைக்கே, தேதி போட்டு அதற்கான காரணத்தை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இரண்டரை ஆண்டு கழித்து எக்ஸ்டெர்னல் கேட்கப்போவது அந்த நோட்டில் உள்ளதைத்தான்.